அரிசித் தட்டில் முதல் எழுத்து: வீட்டிலேயே வித்யாரம்பம் செய்யும் முறை

என் மகளுக்குக் கோயிலில்தான் வித்யாரம்பம் செய்தோம். விடிகாலையிலேயே போய் வரிசையில் நின்றும் எங்கள் முறை வர மணி பத்தாகிவிட்டது. கூட்டம், புழுக்கம், பசி. முன்னே பின்னே பார்த்திராத ஒருவர் கையைப் பிடித்து இழுத்ததும் அவள் விரல்களை இறுக்க மூடிக்கொண்டாள். மூடிய கையாலேயே அரிசியில் ஏதோ கோடு இழுத்து, "ஆச்சு, அடுத்த குழந்தை" என்று அனுப்பிவிட்டார்கள். அன்று எடுத்த போட்டோவில் அவள் வாய் மட்டும்தான் தெரிகிறது.

அதனால் தங்கை பையனுக்கு 2025 விஜயதசமியில் வீட்டிலேயே செய்தோம். அப்போது அவனுக்கு மூன்றே கால் வயது. எழுத வைத்தது மொத்தம் ஐந்து நிமிடம். அதற்கு முன் தட்டு, அரிசி, உட்காரும் இடம் ஆகியவற்றைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. முதன்முறையாக வீட்டில் செய்யப்போகிறவர்கள் கவனிக்க வேண்டியதும் அந்த இரண்டு நாள் வேலையைத்தான். மந்திரம் தெரியவில்லையே என்ற கவலையே வேண்டாம்.

நவமியா, தசமியா?

பலருக்கும் முதலில் வரும் குழப்பம் இது. நவராத்திரியின் ஒன்பதாம் நாளான நவமியில் சரஸ்வதி பூஜை. அன்று புத்தகங்களை அடுக்கிப் பூஜையில் வைக்கிறோம். வைத்த புத்தகத்தை அன்று எடுத்துப் படிப்பதில்லை, எழுதுவதுமில்லை. மறுநாள் தசமி காலையில் மறுபடி விளக்கேற்றி, நிவேதனம் செய்து, புத்தகத்தை எடுத்து நாலு வரியாவது படிக்க வேண்டும். இதைப் புனர் பூஜை என்பார்கள். புதிதாகத் தொடங்கும் எதையும் அன்று தொடங்குவதால் குழந்தையின் முதல் எழுத்தும் அன்றைக்குத்தான். சில வீடுகளில் நவமி பூஜை முடிந்த கையோடு எழுத வைத்துவிடுவார்கள். உங்கள் வீட்டு வழக்கம் அதுவானால் மாற்ற வேண்டாம். வழக்கம் எதுவும் இல்லாதவர்கள் நவமியில் வைத்து தசமியில் எழுதுங்கள். குழந்தைக்கும் அதில் ஒரு லாபம் இருக்கிறது. தன் பொருள் ஒன்று பூஜையில் போய் உட்கார்ந்திருக்கிறது, நாளைக்குத்தான் கைக்கு வரும் என்பது மூன்று வயதுக்கும் புரிகிறது. எங்கள் பையன் நவமி இரவு தூங்கப் போகும்வரை தன் சிலேட்டு அங்கேயே இருக்கிறதா என்று நான்கைந்து முறை எட்டிப் பார்த்தான்.

ஆகவே நவமிக்கு முன்பே ஒரு சிலேட்டும் பலப்பமும் வாங்கிவிடுங்கள். பெரிய எழுத்தில் படம் போட்ட அரிச்சுவடி ஒன்று போதும். மற்றவர்களின் புத்தகக் குவியலுக்கு அடியில் மறைந்துவிடாமல் அவற்றை மேலே, குழந்தையின் கண்ணில் படும்படி வையுங்கள். மிச்சமெல்லாம் நீங்கள் வழக்கமாகச் செய்யும் பூஜைதான்: சந்தனம், குங்குமம், பூ, பொரி, அவல், கடலை, சுண்டல்.

வயது

மூன்று அல்லது ஐந்து என்று ஒற்றைப்படை வயதில் செய்வது பரவலான வழக்கம். பால்வாடியோ பள்ளியோ சேர்க்கும் வயதை ஒட்டி இரண்டரையிலும் செய்கிறார்கள். கை எந்த அளவுக்கு வளைந்துகொடுக்கும் என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. இரண்டு வயதில் கிறுக்கும், ஒரு நேர்கோடு இழுக்கும். மூன்றையொட்டி வட்டம் வரும். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கோடுகள் வர நான்கு வயதாகலாம். ‘அ’வில் சுழி, வளைவு, குறுக்குக் கோடு, நேர்கோடு எல்லாமே இருக்கின்றன. மூன்று வயதுக் குழந்தை அதைத் தானாக எழுதாது, எழுதவும் வேண்டாம். கையைப் பிடித்து எழுத வைப்பது அதற்காகத்தான்.

தட்டும் அரிசியும்

தட்டு அகலமாக, விளிம்பு ஓர் அங்குலமாவது உயர்ந்ததாக இருக்கட்டும். பன்னிரண்டு அங்குலப் பித்தளைத் தாம்பாளம் இருந்தால் அதைவிடத் தோதானது இல்லை. சாப்பாட்டுத் தட்டு சிறியது. எழுத்து முடிவதற்குள் விரல் விளிம்பில் இடிக்கும்.

அரிசி பச்சரிசிதான். மங்கல காரியத்துக்குப் புழுங்கலரிசி வைப்பதில்லை. பன்னிரண்டு அங்குலத் தட்டுக்கு அரைக் கிலோ கணக்கு. பரப்பினால் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான கனத்தில் நிற்கும். ‘நிறைய இருந்தால் நல்லது’ என்று எங்கள் அம்மா ஒரு கிலோவைக் கொட்டிவிட்டார். எழுதிப் பார்த்தால் விரல் போன தடத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் அரிசி சரிந்து மூடிக்கொண்டது. எழுத்து தெரியவில்லை, வெறும் பள்ளம்தான் தெரிந்தது. பாதியை எடுத்தபின் விரல் தட்டின் அடியைத் தொட்டது. வெள்ளை அரிசிக்கு நடுவே பித்தளை மஞ்சளாக மின்னி எழுத்து பளிச்சென்று தெரிந்தது. அளவுக்கு அதுதான் சோதனை. முதல் நாளே உங்கள் விரலால் ஒரு ‘அ’ எழுதிப் பாருங்கள், அடித்தட்டு தெரிய வேண்டும்.

எவர்சில்வர் தட்டுதான் இருக்கிறது என்றால் வெள்ளை அரிசி அதில் எடுபடாது. அரைக் கிலோ அரிசியில் கால் டீஸ்பூன் மஞ்சள்தூளைப் போட்டு உலர்வாகவே கையால் பிசறுங்கள். அட்சதைக்குச் செய்வது போல் தண்ணீரோ நெய்யோ சேர்க்க வேண்டாம். ஈரம் பட்டால் மணிகள் ஒட்டிக்கொண்டு விரலோடு கட்டியாக வரும்.

அரிசியைப் புடைத்து, கல்லும் வண்டும் பார்த்து, தவிட்டுத் தூசு போகச் சலித்துவிடுங்கள். தூசு இருந்தால் குழந்தை தும்மும், கண்ணைக் கசக்கும். கழுவ வேண்டாம்.

உட்காரும் இடம்

பெரும்பாலான வீடுகளில் பிசகுவது இங்கேதான். தட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் எதிரே உட்கார்ந்து குழந்தையின் கையைப் பிடித்து எழுத வைப்பார். அவருக்கு நேராகத் தெரியும் எழுத்து குழந்தைக்குத் தலைகீழ். குழந்தைக்கு நேராக எழுதப் போனாலோ அவர் தலைகீழாக எழுத வேண்டும், கை திணறும். மடியில் உட்கார வைத்துப் பின்னாலிருந்து எழுத வைத்தால் இரண்டு பேருக்கும் எழுத்து ஒரே திசையில் இருக்கும். இரண்டு கைகளும் ஒரே பக்கமாக அசையும்.

கிழக்கு அல்லது வடக்கு நோக்கி உட்காருவது வழக்கம். மடியில் உட்காரும் குழந்தைக்குத் தரையில் இருக்கும் தட்டு எட்டாது. குனிந்தால் முகம் அரிசிக்குள் போகும். தட்டை ஒரு மணைமேல் வைத்து, குழந்தையின் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். எங்கள் வீட்டில் எழுத வைக்க வேண்டியவர் என் அப்பா. அவருக்கு முழங்கால் வலி, சம்மணம் போட முடியாது. ஒரு முக்காலியில் அவரை உட்கார வைத்து, பேரனை மடியில் ஏற்றி, தட்டை டீப்பாயில் வைத்தோம். டீப்பாய் வழுக்கியதால் தட்டுக்கு அடியில் ஈரத்துண்டு ஒன்றை மடித்துப் போட்டோம். இதை முதல் நாள் மாலையே ஒத்திகை பார்த்துவிட்டதால் மறுநாள் தேடலும் நகர்த்தலும் இல்லை.

குத்துவிளக்கைக் குழந்தையின் கைக்கும் பட்டுத்துணிக்கும் எட்டாத தூரத்தில், தட்டுக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். ஊதுவத்திப் புகை முகத்துக்கு நேரே வர வேண்டாம்.

யார் எழுத வைப்பது? தாத்தா, அப்பா, தாய்மாமன், வீட்டுக்குத் தெரிந்த ஆசிரியர் என்று யாராகவும் இருக்கலாம். பாட்டியோ அம்மாவோ எழுத வைப்பதும் இன்று சாதாரணம். குழந்தை தயங்காமல் மடியில் போய் உட்காரும் ஆளா என்று மட்டும் பாருங்கள். வெளியூரிலிருந்து அன்று காலைதான் வந்து இறங்கும் பெரியவர், எவ்வளவு மதிப்புக்குரியவரானாலும், குழந்தைக்கு அந்நியர்தான்.

நேரம்

விஜயதசமி முழு நாளும் நல்ல நாள் என்று நேரம் பார்க்காமலே செய்பவர்கள் உண்டு. பார்ப்பவர்கள் ராகுகாலமும் எமகண்டமும் தவிர்ப்பார்கள். 2025-ல் அக்டோபர் 1 சரஸ்வதி பூஜை, 2 விஜயதசமி, அது வியாழக்கிழமை. வியாழனன்று எமகண்டம் காலை 6 முதல் 7.30 வரை, ராகுகாலம் பகல் 1.30 முதல் 3 வரை. பையன் ஏழு மணிக்கு எழுவான், பன்னிரண்டுக்குக் கண் சொருகிவிடும். ஆக 7.30-க்கு மேல், தூக்கம் வருவதற்கு வெகு முன்னால் என்று பார்த்து எட்டரை மணியை எடுத்துக்கொண்டோம். குளிப்பாட்டி, பாலும் ஒரு இட்லியும் கொடுத்தபின்தான் உட்கார வைத்தோம். "எழுதற வரைக்கும் வெறும் வயிறா இருக்கட்டுமே" என்று ஒரு பேச்சு வந்தது. "பெரியவங்க நாம இருந்துக்கலாம், அவனை விட்டுடுங்க" என்று அப்பாவே முடித்துவைத்தார்.

எழுத வைப்பது

மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து வணங்குங்கள். சரஸ்வதிக்குப் பூப்போட்டு, வீட்டில் வழக்கமாகச் சொல்லும் துதி எதுவோ அதைச் சொல்லுங்கள். பொரி, கடலை, சர்க்கரைப் பொங்கல் என்று இருப்பதை நிவேதனம் செய்து, அடுக்கிய புத்தகங்களை எடுத்துவிடுங்கள். சிலேட்டைக் குழந்தையின் கையிலேயே எடுத்துக் கொடுங்கள். பிறகு மடியில் உட்காரட்டும்.

முதலில் ஒரு நிமிடம் குழந்தை தன் இஷ்டத்துக்கு அரிசியைத் தொடட்டும். அளையும், அள்ளும், கொட்டும். இதைத் தடுத்தால் எழுதும்போது அதைத்தான் செய்யும். பிறகு உள்ளங்கையால் நீங்களே சமப்படுத்துங்கள், அல்லது குழந்தையையே சமப்படுத்தச் சொல்லுங்கள். அந்த வேலை அவர்களுக்குப் பிடிக்கும்.

இப்போது வலது கை ஆட்காட்டி விரல். அதன் நடுக்கணுவை உங்கள் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாகப் பிடியுங்கள். மணிக்கட்டைப் பிடிக்காதீர்கள். மணிக்கட்டைப் பிடித்தால் பிடித்து நிறுத்துகிறார்கள் என்று தோன்றிக் குழந்தை கையை இழுக்கும். விரலும் உங்கள் சொல்படி போகாது. விரல் நுனி தட்டின் அடியை லேசாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும்.

முதலில் பிள்ளையார் சுழி. ‘உ’வில் ஒரு சின்னச் சுழி, ஒரு வளைவு, வலப்பக்கமாக ஒரு கோடு, அவ்வளவுதான். குழந்தையின் விரல் தானாகவும் கொஞ்சம் இழுக்கக்கூடிய எழுத்து இது என்பதால் இதை அவசரப்படுத்தாதீர்கள். இரண்டாவது தடவை உங்கள் பிடியைத் தளர்த்திப் பாருங்கள். கடைசிக் கோட்டைத் தானாகவே இழுக்கும் குழந்தைகள் உண்டு.

அடுத்தது ‘அ’. நான்கைந்து அங்குல உயரத்துக்குப் பெரிதாக எழுதுங்கள். அரிசி மணி பருமனானது. சின்ன எழுத்து அதில் பிடிபடாது. மேலே இடப்பக்கம் சிறிய சுழியில் தொடங்கி, அதன்மேல் வளைந்து வலமாக இறங்கி, கீழே இடப்பக்கம் சுழித்துத் திரும்பி, குறுக்கே வலப்பக்கம் போக வேண்டும். இதுவரை விரலை எடுக்க வேண்டியதில்லை. பிறகு விரலைத் தூக்கி, வலப்பக்கம் மேலிருந்து கீழே ஒரு நேர்கோடு. எழுதும்போது "அ…" என்று எழுத்து முடியும்வரை நீட்டிச் சொல்லுங்கள், குழந்தையையும் சொல்லச் சொல்லுங்கள். நிலைக்கோடு விழும்போது சத்தமும் நிற்கட்டும்.

சில வீடுகளில் ‘ஓம்’ எழுதித் தொடங்குகிறார்கள். கேரளத்தில் ‘ஹரி ஸ்ரீ கணபதயே நம’ என்று எழுதுவார்கள், பொன் மோதிரத்தால் நாக்கிலும் எழுதுவார்கள். யாழ்ப்பாணத்தில் இதையே ஏடு தொடக்குதல் என்கிறார்கள். உங்கள் குடும்பத்தில் வழிவழியாக எழுதும் தொடர் இருந்தால் ‘அ’வுக்கு முன் அதை எழுதுங்கள், முழுத் தொடரையும் குழந்தை விரலால் எழுத முடியாது, முதல் எழுத்து மட்டும் அதன் விரலால் எழுதி மீதியை நீங்கள் எழுதலாம்.

‘அ’விலிருந்து ‘ஃ’ வரை பதின்மூன்றையும் எழுதிவிட வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். ‘ஆ’ வரை சிரிக்கிற குழந்தை ‘இ’யில் நெளியும், ‘ஈ’யில் அழும். எங்கள் பையன் ‘உ’ இரண்டு தடவை, ‘அ’ இரண்டு தடவை, பிறகு தன் பெயரின் முதலெழுத்து ஒரு தடவை எழுதினான். அதோடு தட்டை எடுத்துவிட்டோம். ‘இன்னும்’ என்று கேட்கும்போதே நிறுத்திவிடுவது நல்லது.

கடைசியாக சிலேட்டில் பலப்பத்தைப் பிடித்து அதே ‘அ’ ஒரு தடவை. பிறகு எழுத வைத்தவருக்கு வெற்றிலை பாக்கு, பழம், ஒரு ரூபாய் நாணயத்தோடு தட்சணை வைத்து, குழந்தை விழுந்து வணங்கும். வந்திருக்கும் மற்ற குழந்தைகளுக்கும் பலப்பமோ மிட்டாயோ கொடுப்பது உண்டு.

சொன்னபடி நடக்காவிட்டால்

விரலை மடக்கிக்கொண்டால் பிரிக்க முயலாதீர்கள். நீளமான விரலி மஞ்சள் ஒன்றைக் கையில் கொடுங்கள். மூடிய கையே அதைப் பிடித்துக்கொள்ளும், அதன் மறுமுனையால் எழுதலாம். சில வீடுகளில் வழக்கமே மஞ்சளால் எழுதுவதுதான். எங்களுக்கும் ஒன்று தட்டின் ஓரத்தில் தயாராக இருந்தது, தேவைப்படவில்லை.

அரிசியை வாரி இறைத்தால் ஒருவர் பெருக்கட்டும், ஒருவரும் கத்த வேண்டாம். தட்டுக்கு அடியில் முன்பே ஒரு பழைய வேட்டியை விரித்திருந்தால் நான்கு முனையையும் சேர்த்துத் தூக்கிவிடலாம். வாயில் நாலு மணி போட்டு மென்றால் ஒன்றுமில்லை. மூக்கில் போட்டுக்கொள்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மூக்கில் போய்விட்டால் குச்சியோ ஊக்கோ விட்டுத் தோண்டாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். நேராக டாக்டரிடம் போங்கள்.

அழுகையே நிற்கவில்லை என்றால் எழுந்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி உட்காரலாம். ஒருவர் மட்டும் கூட இருந்து, போட்டோ இல்லாமல். பல குழந்தைகளுக்குப் பயமே அரிசியால் அல்ல, தன்னைச் சுற்றி நின்று "எழுது, எழுது" என்று போனை நீட்டும் பத்துப் பேரால்தான்.

இடது கைக் குழந்தையாகத் தெரிந்தால் அன்றைய சடங்குக்கு வலது கை என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். அந்த ஐந்து நிமிடத்துக்கு வலது கையில் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் முதல் எந்தக் கையை அது நீட்டுகிறதோ அந்தக் கைதான்.

மறுநாளிலிருந்து

சடங்கு முடிந்த அரிசியில் ஒரு பங்கை அன்றே களைந்து சர்க்கரைப் பொங்கலில் சேர்த்தோம். மீதியைத் தனி டப்பாவில் போட்டு வைத்தோம். அந்தத் தட்டும் அரிசியும்தான் அவனுக்கு அடுத்த சில வாரங்களுக்கு நோட்டுப் புத்தகம். அரிசியில் தப்பாக எழுதினால் அழிரப்பர் வேண்டாம், தட்டை ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், தினமும் வேண்டும் என்பதும் இல்லை. ‘அ’வையே திரும்பத் திரும்ப எழுத வைக்காதீர்கள். நிற்கும் கோடு, படுத்த கோடு, மலை மலையாக வளைவு, வட்டம் என்று போகட்டும். நிற்கும் கோடும் படுத்த கோடும் வந்துவிட்டால் அடுத்தது ‘ட’. அதற்கு வளைவே கிடையாது. பிறகு ‘ப’, அதிலிருந்து ‘ம’. அகரவரிசைக்கு இது ஒத்துவராதுதான். ஆனால் வரிசை காதுக்கும் வாய்க்கும். அதைப் பாட்டாகச் சொல்லிக்கொடுங்கள். கைக்கு எளிதான எழுத்து முதலில் வரட்டும்.

பென்சிலை எப்போது கொடுப்பது என்று தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள். மூடாத வட்டம் மூடிய வட்டமாக வரும்போது, அதுவும் அவன் கேட்டால், தடித்த கிரேயான் கொடு என்றேன். கோடு போட்ட இரட்டை வரி நோட்டை அவள் ஆசையாக வாங்கி வைத்திருந்தாள். அதைப் பரண்மேல் ஏற்றிவிட்டோம்.

டப்பா அரிசியில் மாதம் ஒரு முறை வண்டு பாருங்கள். விரல் பட்டுப்பட்டு மணிகள் மங்கிப் பிசுபிசுத்தால் காக்கைக்கோ மாட்டுக்கோ போட்டுவிட்டு வேறு அரைக் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள்.